ஈமான் ‘ஈ மான்’ ஆகும்போது

சீறாப்புராணம் பற்றிய ஒரு சொற்பொழிவுக் காணொளிக்குத் தானாக வந்த சப்டைட்டிலைத் திருத்தும் வேலை என்னிடம் வந்தது. எட்டயபுரம் உமறுப்புலவரின் காப்பியம் அது. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்று அதன் மூன்று காண்டப் பெயர்களும் அரபு வழி வந்தவை; ‘காண்டம்’ வடமொழி. பேசியவரோ நபிகளாரின் வரலாற்றிலிருந்து கம்பனுக்கும், கம்பனிலிருந்து துவாரகைக்கும் தாராளமாகப் போய்வருகிறவர். எந்திரத்துக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வைக்க முடியாது.

எந்திரம் ஒலியைக் கேட்டு, தான் அதிகம் பார்த்த சொற்களில் அதற்கு நெருக்கமானதைப் போடுகிறது. ஹகரம் மெலிதாகக் கேட்டால் விட்டுவிடும். நீண்ட சொல் பிடிபடாவிட்டால் உடைத்துவிடும். ‘ஹிஜ்றத்து’ அப்படித்தான் ‘இச்சை ரத்து’ ஆனது. ‘ஈமான்’ இரண்டு உயிரினங்களாகப் பிரிந்தது. இவற்றைப் பார்த்தால் சிரிப்பு வரும், அதனாலேயே எளிதில் அகப்படும்.

அகப்படாதவைதான் ஆபத்து. ‘ஆயத்து’ என்ற இறைவசனம் ‘ஆயத்தம்’ ஆகிவிடுகிறது. ‘ஸ்தோத்திரம்’ ‘சூத்திரம்’ ஆகிறது. இரண்டும் நல்ல தமிழ் வழக்கில் உள்ள சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை திருத்தி இவற்றின்மேல் கோடு போடாது. கோப்பைத் திறந்தபோது நடுவில் இப்படி இருந்தது:

```
214
00:18:42,300 --> 00:18:46,100
நபிகளாருக்கு வகை இறங்கியது
```

பேசியவர் சொன்னது ‘வஹீ’. ‘இறங்கியது’ என்ற வினை பக்கத்தில் இருந்ததால்தான் சந்தேகம் வந்தது. ஆகவே வாசித்துத் திருத்துவதோடு இந்த வேலை முடியாது. காதில் ஒலியும் கண்ணில் எழுத்துமாக ஒருமுறையாவது முழுக்க ஓடவிட வேண்டும். சந்தேகமான இடத்தில் வேகத்தை 0.75 ஆகக் குறைத்தால் சொல் தெளிவாகக் கேட்கும். மாற்றுவது மூன்றாவது வரியை மட்டும். நேர வரியில் ஒரு காற்புள்ளி போனாலும் அந்தத் துண்டு திரையில் வராமல் போகலாம். கோப்பை UTF-8 ஆகச் சேமிக்காவிட்டால் தமிழே கேள்விக்குறிகளாகிவிடும்.

ஒரே பிழை பல இடங்களில் வந்தால் ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானை அழுத்தக் கை துடிக்கும். ‘துவா’ என்று வந்ததை எல்லாம் ‘துஆ’ ஆக்கினால் என்ன நடக்கும்? கண்ணனின் ஊர் ‘துஆரகை’ ஆகும். ஒரு சமயத்தின் சொல்லைத் திருத்தப் போய் இன்னொன்றின் சொல்லைக் கெடுத்த கதை. ஒவ்வொன்றாகத் தேடி, பார்த்து மாற்றுவதே வழி. ‘ஸ்ரீ’யைத் தேடும்போது இன்னொரு வம்பு உண்டு. 2005இல் ஒருங்குறியில் ‘ஶ’ சேர்ந்த பிறகு, ‘ஸ’வில் தொடங்கும் ஸ்ரீயும் ‘ஶ’வில் தொடங்கும் ஶ்ரீயும் பல எழுத்துருக்களில் ஒரே வடிவமாகத் தெரிகின்றன. கணினிக்கு அவை வேறு வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது சிக்காது; இரண்டையும் தனித்தனியே தேட வேண்டும்.

எது பிழை என்பதே அடுத்த கேள்வி. ‘தோத்திரம்’ பிழையல்ல. வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தால் எழுதத் தொல்காப்பியர் காலத்திலேயே இடமுண்டு. ‘இலக்குவன்’ அப்படி வந்தவன்தான். எந்திரத்தின் சிதைவையும் தமிழின் மரபையும் ஒரே கூடையில் போட்டு, எல்லாவற்றுக்கும் கிரந்த எழுத்து மாட்டிவிடுவது திருத்தம் ஆகாது. அரபுச் சொற்களிலும் ஊருக்கு ஊர் வழக்கு மாறும். தமிழ்நாட்டில் ‘ரமலான்’ என்பதை இலங்கை முஸ்லிம்கள் ‘ரமழான்’ என்று எழுதுவார்கள். அரபின் ‘ளாத்’ எழுத்துக்கு அங்கே ழகரம். பேசியவரின் ஊர் வழக்கைக் கேட்டு, ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, காணொளி முழுக்க அதையே பின்பற்றினேன்.

நபிகளாரின் பெயரோடு வரும் வாழ்த்தை எந்திரம் ‘சொல்ல லாகு அலை வசல்லம்’ என்று எழுதியிருந்தது. ‘ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்’ என்று முழுதாகப் போட்டால் ஏறத்தாழ ஒரு வரி நிறைந்துவிடும். பேசுபவர் அதை ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடுகிறார். காது கேளாதவர் படித்து முடிப்பதற்குள் வரி மறைந்துவிடும். முதல் முறை முழுதாகவும், பிறகு அச்சு வழக்கப்படி (ஸல்) என்றும் போட்டேன். பேசியவர் அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் இறுதி செய்தேன். இதைத் திருத்துபவர் தனியாக முடிவு செய்யக் கூடாது.

பாடல்களைக் காதால் கேட்டுத் திருத்த முயல்வது வீண். ராகத்தில் இழுக்கும்போது சீர் உடைகிறது, எந்திரத்தோடு நாமும் ஏமாறுவோம். அச்சுப் பதிப்பை எடுத்து, பாடலைக் கண்டுபிடித்து, அதில் உள்ளபடியே தட்டச்சு செய்வதுதான் பாதுகாப்பு. உரையில் ‘முஹம்மது’ என்று எழுதியிருந்தாலும், பதிப்பில் பாடலில் ‘முகம்மது’ என்று இருந்தால் அப்படியே விட வேண்டும்; ஹகரத்தைப் பாட்டுக்குள் புகுத்தினால் அது புலவரின் எதுகையில் போய் முட்டும். சந்தி பிரிப்பதில் பதிப்புக்குப் பதிப்பு வேறுபாடு உண்டு என்பதால், பேசியவர் மேடையில் எந்தப் பதிப்பை வைத்திருந்தார் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.