பதினோரு ஆண்டும் முப்பத்தொன்பது ஆண்டும்

1960இல் தென்கொரியரின் சராசரி வருமானமும் பிலிப்பைன்ஸ்காரரின் சராசரி வருமானமும் ஏறக்குறைய ஒன்றுதான். 1975ஆம் ஆண்டு டாலர் மதிப்பில் சுமார் 640 என்று பொருளாதார அறிஞர் ராபர்ட் லூகாஸ் குறிப்பிடுகிறார். அடுத்த 28 ஆண்டுகளில் தலா வருமானம் கொரியாவில் ஆண்டுக்கு 6.2 சதவீதமும் பிலிப்பைன்ஸில் 1.8 சதவீதமும் வளர்ந்தது.

வருமானம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டாகும்? 70ஐ வளர்ச்சி விகிதத்தால் வகுத்தால் போதும். கொரியாவுக்கு 11 ஆண்டு, பிலிப்பைன்ஸுக்கு 39.

இங்கேதான் பலருக்கும் கணக்குத் தவறுகிறது. 6.2ஐ 28ஆல் பெருக்கி, வருமானம் 2.7 மடங்காகியிருக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் 5.4 மடங்கானது. வட்டிக்கு வட்டி போல, ஒவ்வோர் ஆண்டின் வளர்ச்சியும் முந்தைய ஆண்டுகளில் சேர்ந்ததன் மேல் ஏறுகிறது. 640 டாலர் கொரியாவில் சுமார் 3,450 ஆனது; பிலிப்பைன்ஸில் 1,050ஐத்தான் தொட்டது.

ஆனால் இவை சராசரிகள். வளர்ச்சி ஒரே சீராக வருவதில்லை. 1984, 1985 இரு ஆண்டுகளிலும் கடன் நெருக்கடியில் பிலிப்பைன்ஸ் பொருளாதாரம் தலா 7 சதவீதம் அளவுக்குச் சுருங்கியது. அதை 1.8 சதவீத வேகத்தில் ஈடுகட்ட எட்டு ஆண்டுகள் வேண்டும், 6.2 சதவீதத்தில் இரண்டரை ஆண்டுகளே போதும்.