ஒரு காலில் 74 டன்

மேம்பாலத்துக்கு கர்டர் ஏற்றும் இரவுகளில் வேடிக்கை பார்க்கிறவர்கள் அண்ணாந்துதான் நிற்பார்கள். வேலை தெரிந்த மேற்பார்வையாளரோ அடிக்கடி குனிந்து கிரேனின் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். சரியாகப் பராமரித்த கிரேனில் இரும்பு முறிவது அபூர்வம். கால் வைத்த மண் இறங்கி, வண்டி சாய்வதற்குத்தான் அவர் பயப்படுகிறார். அந்தப் பயத்தைக் கணக்காக்கி எழுதியதுதான் தூக்குத் திட்டம், சைட்டில் எல்லோரும் சொல்கிற ‘லிஃப்டிங் பிளான்’.

ஒரு சாதாரண வேலையை எடுத்துக்கொள்வோம். வாய்க்காலின் மேல் சிறு பாலம்; யார்டில் வார்த்துக் கொண்டுவந்த கர்டர் 20 மீட்டர் நீளம். அதன் குறுக்குவெட்டு சராசரியாக அரைச் சதுர மீட்டர் என்றால், கான்கிரீட் 10 கன மீட்டர். கம்பியோடு சேர்த்துக் கன மீட்டருக்கு 2.5 டன் என்று போட்டால் 25 டன். கிரேன் தூக்குவது இதை மட்டுமல்ல. கொக்கி, ஸ்லிங், ஷாக்கிள், ஸ்லிங்குகளைப் பிரித்துப் பிடிக்கும் இரும்புச் சட்டம் எல்லாம் சேர்ந்து 3 டன் வரும். ஆக, 28 டன்.

இதற்கு ‘100 டன் கிரேன்’ ஒன்றை வரவழைக்கிறார்கள். நூறில் இருபத்தெட்டுதானே என்று தோன்றும். ஆனால் அந்த நூறு டன், வண்டியை ஒட்டி மூன்று மீட்டருக்குள் தூக்கினால் மட்டும்தான். கிரேன் சுழலும் மையத்திலிருந்து கொக்கி வரை தரையில் அளக்கிற தூரத்தை ரேடியஸ் என்பார்கள். அது கூடக் கூட, தூக்கும் திறன் சரசரவென்று இறங்கும். நம் வண்டியின் லோடு சார்ட் 10 மீட்டரில் 34 டன், 12 மீட்டரில் 28 டன் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டரில் கொஞ்சம் மூச்சு விட இடம் உண்டு. பன்னிரண்டில் துளிகூட இல்லை. பாரம் ஏறியதும் பூம் வளைந்து கொக்கி தானாகவே வெளியே தள்ளிப்போகும் என்பதால், ரேடியஸை டேப் பிடித்து அளந்து, அதற்கும் சேர்த்துக் கூட்டித்தான் திட்டத்தில் எழுத வேண்டும். ‘வண்டியை இன்னும் ரெண்டு மீட்டர் பின்னால் போட்டுக்கலாம்’ என்று அன்றைக்குக் காலையில் யாராவது சொன்னால், அந்தத் திட்டம் செல்லாது. புதிதாகப் போட வேண்டும்.

இனி காலுக்கு வருவோம். கவுண்டர்வெயிட்டோடு வண்டி 70 டன், பாரம் 28, மொத்தம் 98. நான்கு கால்களும் சமமாகத் தாங்கும் என்று நினைப்பதுதான் பெரிய பிசகு. பூம் ஒரு காலுக்கு நேர் மேலே வரும்போது பெரும் பங்கு அந்த ஒன்றில் போய் உட்காரும். கிரேன் தயாரித்தவரின் கணக்கு கையில் இல்லாவிட்டால், மொத்தத்தில் முக்கால் பங்கை ஒரே கால் தாங்குவதாக எடுத்துக்கொள்வது வழக்கம். அதாவது சுமார் 74 டன். காலடியில் இருக்கும் தட்டு அறுபது சென்டிமீட்டர் சதுரம் என்றால், சதுர மீட்டருக்கு 200 டன்னுக்கு மேல் மண்ணில் அழுத்தும். நன்றாக உருட்டி இறுக்கிய கிராவல் தரைக்கே 20 டன் அளவில்தான் அனுமதிப்பார்கள்.

அதனால்தான் காலுக்கு அடியில் மரக்கட்டை அடுக்கோ இரும்பு மேட்டோ போடுகிறார்கள். இரண்டுக்கு இரண்டு மீட்டர் மேட் போட்டால் 74 டன் நான்கு சதுர மீட்டருக்குப் பரவி 18.5 ஆகும், மேட்டின் எடையையும் சேர்த்துப் பார்த்து, இருபதுக்குள் நின்றால் சரி. ஆனால் மேட் விறைப்பாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். மெல்லிய இரும்புத் தகடு நடுவில் குழிந்து ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். அப்போது காகிதத்தில் நான்கு சதுர மீட்டர், மண்ணில் ஒன்றுதான்.

நம் வாய்க்கால் காவிரி டெல்டாவின் களிமண்ணில் இருக்கிறது என்றால் சங்கடம் வேறு. வெயிலில் காய்ந்த மேல்தோல் பாறை போலத் தெரியும். அரை மீட்டர் கீழே ஈரக் களி. அது சதுர மீட்டருக்கு 8 டன்தான் தாங்கும் என்றால் மேட் மூன்றுக்கு மூன்று மீட்டரைத் தாண்ட வேண்டும். அவ்வளவு பெரிய மேட்டை விறைப்பாகச் செய்வதைவிட, களியை வெட்டி எடுத்துக் கிராவல் நிரப்பி இறுக்குவது பல சமயம் சல்லிசு. எதைச் செய்தாலும், கால் வரும் நான்கு இடங்களிலும் மண்ணைச் சோதிக்காமல் கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

இன்னும் மோசமான இடம் அபட்மென்ட் சுவருக்குப் பின்புறம். கிரேன் நிற்க வசதியான சமதளம் பெரும்பாலும் அதுதான். புதிதாகக் கொட்டிய மண் இறங்கும் என்பது ஒரு பக்கம். காலில் இருக்கும் 74 டன் அந்தச் சுவரைப் பக்கவாட்டில் வாய்க்காலை நோக்கித் தள்ளும் என்பது இன்னொரு பக்கம். சுவரை வடிவமைத்தவரிடம் கேட்காமல் அங்கே கால் ஊன்றக்கூடாது. வெட்டிய குழியின் ஓரமும் அப்படியே: குழி எவ்வளவு ஆழமோ, மேட்டின் விளிம்பு குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும், மண் தளர்வாக இருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு. பழைய சாக்கடைக் குழாய் எங்கே போகிறது என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பாரம் கட்டுவதற்கு முன்பே வெறும் வண்டியை மெல்ல ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம். கவுண்டர்வெயிட் பின்பக்கக் கால்களையும் அழுத்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிறகு கர்டரை ஒரு சாண் மட்டும் தூக்கி, சில நிமிடம் அப்படியே நிறுத்துவார்கள். மேட்டைச் சுற்றி மண்ணில் கீறல் விடுகிறதா, ஓரத்தில் தண்ணீர் கசிகிறதா, கேபினில் இருக்கும் ரசமட்டக் குமிழ் நகர்கிறதா என்று பார்க்க வேண்டிய நேரம் அது. 20 மீட்டர் உயர பூம் நுனி ஒரு டிகிரி சாய்ந்தாலே 35 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். குமிழ் நகர்ந்தால் கர்டரை இறக்கிவிட வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் ‘சட்டுனு வெச்சுடலாம்’ என்று தொடரக்கூடாது.

ஆள் நுழையக் கூடாத எல்லையைப் பல சைட்டுகளில் கொக்கிக்குக் கீழே ஒரு வட்டமாக நினைத்துச் சிவப்பு நாடா கட்டிவிடுகிறார்கள். கர்டர் 20 மீட்டர் நீளம். கொக்கி 10 மீட்டரில் இருக்க, கர்டர் பூமுக்குக் குறுக்காக இருந்தால் அதன் நுனிகள் கிரேன் மையத்திலிருந்து 14 மீட்டரில் வீசும். காற்றில் திரும்பி பூமின் திசைக்கு வந்துவிட்டால் ஒரு நுனி 20 மீட்டருக்குப் போகும், மறு நுனி கிரேன் மேலேயே வந்து மோதும். அதனால்தான் இரு நுனியிலும் கயிறு கட்டி ஆட்கள் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தக் கயிறும் ஆள் பாரத்துக்கு அடியில் வர வேண்டாத நீளத்தில் இருக்க வேண்டும். ஆகவே லாரியிலிருந்து தூண் வரை கர்டர் போகிற பாதை முழுவதையும், விழுந்து உருண்டால் போய்ச் சேரும் இடத்தையும் சேர்த்துத்தான் எல்லை போட வேண்டும். சுழலும் கவுண்டர்வெயிட்டுக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தும் அதில் அடங்கும். அங்கே ஆள் நசுங்க பாரம் விழவே வேண்டியதில்லை.

எல்லையை எப்போது எடுப்பது என்பது இன்னொரு கேள்வி. 2018 மே 15 அன்று வாரணாசி கன்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்கு அருகே, கட்டிக்கொண்டிருந்த மேம்பாலத்தின் இரண்டு கான்கிரீட் கர்டர்கள் கீழே ஓடிக்கொண்டிருந்த வாகனங்கள் மேல் விழுந்தன. குறைந்தது 15 பேர் இறந்தார்கள். அவை ஏற்கெனவே தூண்களின் மேல் வைத்திருந்த கர்டர்கள். அவற்றைக் குறுக்கே இணைக்காமல் விட்டதும், கீழே போக்குவரத்தை நிறுத்தாததும் விசாரணையில் முக்கியக் குறைகளாகச் சொல்லப்பட்டன. ஒல்லியாகவும் உயரமாகவும் இருக்கும் கர்டர், பேரிங் மேல் தனியாக நிற்கும்போது பக்கவாட்டில் சாய எளிது.

ஆகவே கர்டர் உட்கார்ந்ததும் ஸ்லிங்கை அவிழ்த்துவிட மாட்டார்கள். இரு முனையிலும் பக்கவாட்டு முட்டு கொடுத்து, பக்கத்துக் கர்டரோடு இறுக்கிய பிறகு கொக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார்கள். பாரம் விடுபட்டதும் கவுண்டர்வெயிட் பக்கம் எடை திரும்பும் என்பதால், பின்பக்க மேட்டுகளை அப்போது ஒரு முறை பார்ப்பார்கள். கிரேன் மடக்கிப் போன பிறகும், குறுக்கு உத்தரங்களை வார்த்து அந்தக் கான்கிரீட் வலுவடையும் வரை கர்டருக்குக் கீழே உள்ள தடுப்பு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.