ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது யார் பெயர்?

திண்டுக்கல்லில் ஒரு மளிகைக் கடை. அதற்குப் பல வருடங்களாக எண்ணெய் டின் அனுப்பும் மொத்த வியாபாரி ஒருவர். இதுவரை எல்லாம் வாய்ப்பேச்சில்தான் நடந்தது. இப்போது ஓராண்டுக்கு ஒப்பந்தம் போட்டு, ஒன்றரை லட்சம் ரூபாய் முன்பணமும் கொடுக்கப் போகிறார் கடைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். பில்லின் தலைப்பில் உள்ள பெயர் ‘டிரேடர்ஸ்’ என்று முடிகிறது. விசிட்டிங் கார்டிலோ ‘ஏஜென்சீஸ்’ என்று இருக்கிறது. வசூலுக்கு வருபவரை எல்லோரும் ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒப்பந்தத்தின் முதல் வரியில் யார் பெயரை எழுதுவது?

கடைப்பெயர் என்பது பலகையில் எழுதிக்கொள்ளும் பெயர். தனி ஒருவர் நடத்தும் வியாபாரத்தில் அந்தப் பெயருக்குச் சட்டத்தில் தனி உயிர் கிடையாது. கடன் படுவதும் பொறுப்பேற்பதும் உரிமையாளர்தான். கூட்டு வியாபாரம் என்றால் பங்குதாரர்கள் எல்லோரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. கம்பெனி அப்படியல்ல. அதை நடத்துகிறவர்கள் வேறு, கம்பெனி வேறு. ஆகவே பெயரைச் சரியாகக் கேட்பது, பிரச்சினை வந்தால் யாரிடமிருந்து பணம் திரும்பும் என்று கேட்பதுதான்.

கேட்பதற்கு முன் கடைக்காரரே பார்த்துவிடக்கூடிய ஒன்று உண்டு. பில்லில் உள்ள 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை services.gst.gov.in தளத்தில் தேடலாம், லாகின் தேவையில்லை. ‘Legal Name of Business’, ‘Trade Name’ என இரண்டு பெயர்களும், ‘Constitution of Business’ என்ற இடத்தில் அது தனிநபர் வியாபாரமா, கூட்டா, கம்பெனியா என்பதும் தெரியும். எண்ணிலேயே ஒரு தடயம் இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33). அடுத்த பத்தும் பான் எண். மொத்த எண்ணில் ஆறாவதாக வரும் எழுத்து P என்றால் தனிநபர், F என்றால் கூட்டு நிறுவனம், C என்றால் கம்பெனி.

நம் கடைக்காரர் தேடியபோது ஆறாவது எழுத்து P. சட்டப் பெயர் என்ற இடத்தில் அவர் கேள்விப்பட்டிராத ஒரு பெண்ணின் பெயர். இது மோசடி இல்லை. மனைவி பெயரிலோ தாய் பெயரிலோ பதிவு செய்துவிட்டு வீட்டு ஆண்கள் வியாபாரம் பார்ப்பது நம் ஊர்களில் சாதாரணம். ஆனால் அண்ணாச்சி போடும் கையெழுத்து அந்த அம்மாவைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. அதனால் கடிதம் இப்படிப் போனது:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நாம் பேசியபடி ஒப்பந்தம் தயாராகிறது. தங்கள் தரப்பின் பெயரைப் பிழையின்றி எழுத வேண்டியுள்ளதால் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் உறுதி செய்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். பான் அட்டையில் உள்ளபடி உரிமையாளரின் முழுப்பெயரும் முகவரியும். ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழின் நகல். கையெழுத்திடுபவர் யார், உரிமையாளர் அல்லாதவர் எனில் அவருக்கான அதிகாரப் பத்திரம். முன்பணம் செலுத்த வேண்டிய வங்கிக் கணக்கு யார் பெயரில் உள்ளது என்பது. பில்லில் ஒரு பெயரும் கார்டில் வேறு பெயரும் இருப்பதால், இரண்டும் ஒரே வியாபாரமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

“சரியான பெயரைச் சொல்லுங்கள்” என்று மட்டும் எழுதியிருந்தால், ரப்பர் ஸ்டாம்ப் குத்திய லெட்டர்பேடில் அதே கடைப்பெயர்தான் திரும்பி வந்திருக்கும். எந்தச் சான்றின்படி என்று கேட்டதில்தான் இந்தக் கடிதத்தின் பலம் இருக்கிறது.

பதில் வந்தது. உரிமையாளர் அண்ணாச்சியின் தாயார். ‘ஏஜென்சீஸ்’ என்பது அண்ணாச்சியின் சொந்தப் பதிவு. பான் எண் வேறு. முன்பணத்துக்குக் கொடுத்த கணக்கும் அந்த ‘ஏஜென்சீஸ்’ பெயரில்தான். பணத்தை அதில் போட்டிருந்தால், ஒப்பந்தம் ஒருவரோடு, பணம் இன்னொருவரிடம் என்று ஆகியிருக்கும். நாளை தாயார் தரப்பு “எங்களுக்கு வரவில்லை” என்றால் வழக்கு அங்கேயே சிக்கும். கடைக்காரர் தாயார் பெயரில் உள்ள வியாபாரக் கணக்கைக் கேட்டு வாங்கினார்.

மறுபக்கம் கம்பெனியாக இருந்தால் வேலை எளிது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 12-ஆம் பிரிவின்படி, பில்லிலும் கடிதத்திலும் கம்பெனியின் பெயர், பதிவு அலுவலக முகவரி, 21 இலக்க CIN எண் அச்சிட்டிருக்க வேண்டும். அதில் உள்ளபடியே, ‘பிரைவேட் லிமிடெட்’ உட்பட, எழுத வேண்டும்.

பெயர் தவறினாலே எல்லாம் போயிற்று என்று பயப்படத் தேவையில்லை. கடைப்பெயரில் தொழில் செய்பவர் மீது அந்தக் கடைப்பெயரிலேயே வழக்குப் போட உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் இன்னார்தான் என்று நிரூபிக்கும் சுமை அப்போது கடைக்காரர் தலையில் விழும். கடிதம் அந்தச் சுமையைத்தான் குறைக்கிறது.

கடைசியில் ஒப்பந்தத்தின் முதல் வரி இப்படி அமைந்தது: இன்ன முகவரியில் வசிக்கும், இன்னாருடைய மனைவியான இன்னார்; ‘டிரேடர்ஸ்’ என முடியும் அந்தக் கடைப்பெயரில் தொழில் செய்பவர்; ஜிஎஸ்டி எண் இன்னது; அவருக்காக அதிகாரப் பத்திரத்தின்படி கையெழுத்திடுபவர் அவருடைய மகன். பதில் கடிதமும் சான்றிதழ் நகலும் ஒப்பந்தத்தோடு இணைப்பாகச் சேர்ந்தன. கூடவே ஒரு நிபந்தனை: உரிமையாளரோ பதிவோ மாறினால் 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தாயாருக்குப் பின் மகன் வியாபாரத்தை எடுத்தால் பான் எண் மாறும், ஜிஎஸ்டி எண்ணும் மாறும். அன்று முன்பணம் யார் கணக்கில் நிற்கிறது என்பதைப் புதிதாக எழுதி வாங்க வேண்டியிருக்கும்.