ஜாமீன் கிடைத்த பிறகும் சிறையில் ஏன்?

வெளிநாட்டில் குற்றவியல் முதுகலை படிக்க விண்ணப்பித்த சட்டப் பட்டதாரி ஒருவரின் நோக்க அறிக்கை எப்படி உருவானது?

வெளிநாட்டில் முதுகலைக்கு விண்ணப்பிக்கும் பெரும்பாலோர் ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ் எனப்படும் நோக்க அறிக்கையை எழுதித்தான் ஆக வேண்டும். இரண்டு பக்கத்துக்குள் நான் யார், எதைப் படிக்க விரும்புகிறேன், ஏன் இந்தப் படிப்பு என்று சொல்லிவிட வேண்டும். சட்டக் கல்லூரியில் பாடம் எடுப்பவன் என்பதால் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிற மாணவர்களின் அறிக்கைகளும் என் மேசைக்கு வந்துவிடும். சிறைச் சீர்திருத்தம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கிருஷ்ணய்யர் தீர்ப்பில் தொடங்கி, நெரிசலைப் பற்றி ஒரு பத்தி எழுதி, 'சமூகத்துக்குத் திருப்பித் தர விரும்புகிறேன்' என்று முடிப்பார்கள். அதில் தவறான வரி ஒன்றும் இருக்காது. படிக்கும் தேர்வுக் குழு தெரிந்துகொள்ள வேண்டிய வரியும் இருக்காது.

மாவட்ட நீதிமன்றத்தில் இலவச சட்ட உதவி வழக்குகளைப் பார்த்துவந்த ஒரு மாணவியின் அறிக்கை வேறு மாதிரி தொடங்கியது. 'ஜாமீன் உத்தரவு வந்த நாளுக்கும் சிறைக் கதவைத் தாண்டிய நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் போகிறது, ஏன் போகிறது என்பதை அளக்க விரும்புகிறேன்.' இந்த ஒரு வரியில் ஆய்வுக் கேள்வி இருக்கிறது. சட்டம் படித்தவர் குற்றவியல் துறைக்கு ஏன் வருகிறார் என்ற பதிலும் அதிலேயே இருக்கிறது. ஜாமீன் கொடுக்கலாமா என்பது சட்டத்தின் கேள்வி. கொடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் கிடையாது, அதை ஆட்களையும் ஆவணங்களையும் பின்தொடர்ந்துதான் கண்டுபிடிக்க முடியும்.

ஒரு திருட்டு வழக்கின் நாட்கள்

அறிக்கையின் இரண்டாவது பத்தி ஒரு வழக்கை விவரித்தது. முதல் வரைவில் அந்தக் கைதியின் பெயரும் ஊரும் குற்ற எண்ணும் இருந்தன. கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னது பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஏறக் கூடாது. கைதியின் கண்ணீரைக் காட்டி இடம் வாங்குவது போலவும் தோன்றிவிடும். அதனால் அடையாளங்களை எல்லாம் எடுத்துவிட்டு நடைமுறையை மட்டும் வைத்துக்கொண்டார்.

ஆள் வெளி மாவட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த கட்டடத் தொழிலாளி. கட்டுமான இடத்தில் கம்பி திருடியதாக வழக்கு. மாஜிஸ்திரேட் ஜாமீன் கொடுத்தார். சொந்தப் பிணைப் பத்திரம் பத்தாயிரம் ரூபாய், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், அவர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் நீதிமன்றங்களில் தினமும் பார்க்கும் நிபந்தனைதான். சான்றிட்ட நகல் கைக்கு வர மூன்று நாள். பிறகு ஊரிலிருந்து மனைவியும் தம்பியும் வந்தார்கள். ஜாமீன்தாரர் ஆதார், ரேஷன் கார்டோடு வீட்டு வரி ரசீதும் காட்ட வேண்டும். தம்பியின் வீடு புறம்போக்கு நிலத்தில் இருந்ததால் ரசீது இல்லை. நகரத்தில் தெரிந்தவர் என்றால் மேஸ்திரி ஒருவர்தான், அவரும் கோர்ட் வாசலுக்கு வர மறுத்துவிட்டார்.

நான்கு வாரம் இப்படியே போனது. சட்ட உதவி வழக்கறிஞர் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனு போட்ட பிறகு ஒரு ஜாமீன்தாரர் போதும் என்று உத்தரவானது. அதற்குப் பிறகும் சிக்கல். விடுதலை உத்தரவில் தகப்பன் பெயர் ஒரு மாதிரியும், ரிமாண்ட் வாரண்டில் வேறு மாதிரியும் இருந்தது. சிறை அலுவலகம் திருப்பி அனுப்பியது. திருத்தி வாங்குவதற்குள் வெள்ளிக்கிழமை மாலை லாக்-அப் நேரம் தாண்டிவிட, திங்கட்கிழமைதான் ஆள் வெளியே வந்தார். ஜாமீன் உத்தரவிலிருந்து கணக்கிட்டால் 41 நாள்.

இந்தப் பத்தியில் யாரும் கொடுமைக்காரர் இல்லை. மாஜிஸ்திரேட் வழக்கமான நிபந்தனையைப் போட்டார். சிறை எழுத்தர் பெயர் பொருந்தாமல் ஆளை விட்டால் அவர் வேலைக்கே ஆபத்து. ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகச் செய்தும் 41 நாள் போயிருக்கிறது. அறிக்கையின் வலு இங்கேதான் இருக்கிறது. கெட்டவரைத் தேடாமல் காரணத்தைத் தேடுகிறவர் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது.

சட்டம் எதுவரை வந்திருக்கிறது

மூன்றாவது பத்தியில் சட்டப் பட்டதாரி என்ற தகுதியைக் காட்ட வேண்டும். தீர்ப்புகளை வரிசையாக அடுக்கினால் அது தேர்வு விடைத்தாள் ஆகிவிடும். இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்.

முதலாவது, 1978-இன் மோதி ராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்திருந்தது. கீழ் நீதிமன்றம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது. உடன்பிறந்தவர் ஜாமீன்தாரராக முன்வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகச் சாடினார். ஒரு தமிழரோ மலையாளியோ வட மாநிலத்தில் கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார் என்ற பொருளில் கேட்டு, ஆயிரம் ரூபாய் சொந்தப் பத்திரத்தில் விடச் சொன்னார்.

இரண்டாவது, 2023 ஜனவரி 31-ஆம் தேதி உத்தரவு. ஜாமீன் கிடைத்தும் சுமார் ஐயாயிரம் விசாரணைக் கைதிகள் உள்ளேயே இருப்பதாக தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருந்தது. அதன் பேரில் நீதிமன்றம் சில வழிமுறைகள் வகுத்தது. ஜாமீன் உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணைப் பத்திரம் கொடுக்கப்படாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம்.

இரண்டுக்கும் நடுவில் 45 ஆண்டு. 1978-இல் கண்டிக்கப்பட்ட உள்ளூர் ஜாமீன் 2023 உத்தரவிலும் பேசப்படுகிறது. 'சட்டம் சொல்லாமல் விட்டதால் வந்த தாமதம் இல்லை இது' என்று மாணவி எழுதினார்.

புதிய பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 479-ஆவது பிரிவை எல்லாரும் குறிப்பிடுவார்கள். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் சிறையில் இருந்துவிட்டால் விட வேண்டும் என்கிறது அது. மூன்றாண்டுத் தண்டனைக்குரிய திருட்டு என்றால் அந்தக் கடிகாரம் அடிக்க ஓராண்டு ஆகும். 41 நாள் அடைபட்டவருக்கு அதனால் பலனில்லை. 2023-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஏழைக் கைதிகள் உதவித் திட்டம் விசாரணைக் கைதிக்குப் பண உதவி தருகிறது. ஆனால் இந்த வழக்கில் பற்றாக்குறை பணத்தில் இல்லை, வரி ரசீது வைத்திருக்கும் மனிதரில்தான் இருந்தது.

ஏன் குற்றவியல், ஏன் இந்தப் படிப்பு

பெரும்பாலான அறிக்கைகள் சறுக்குவது இங்கேதான். 'உலகப் புகழ்பெற்ற பேராசிரியர்கள்' என்று எழுதினால் அது எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும். இவர் கேம்பிரிட்ஜின் சிறை ஆய்வு மையத்தைக் குறிவைத்தார். அங்கே ஆலிசன் லீப்லிங்கும் அவர் குழுவும் சிறை வாழ்க்கையின் தரத்தை அளக்க ஒரு கேள்வித்தாளை உருவாக்கியிருக்கிறார்கள். மதிப்போடு நடத்துகிறார்களா, முடிவுகள் நியாயமாக எடுக்கப்படுகின்றனவா, பாதுகாப்பாக உணர்கிறீர்களா என்று கைதிகளிடமே கேட்கும் முறை அது.

மாணவி அதைப் புகழவில்லை, அதோடு வாதாடினார். அந்தக் கருவி இங்கிலாந்துச் சிறைகளுக்காக உருவானது, அங்கே பெரும்பாலோர் தண்டனைக் கைதிகள். இந்தியாவிலோ தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி 5,73,220 கைதிகளில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாதவரிடம் மறுவாழ்வுப் பயிற்சியைப் பற்றிக் கேட்பது பொருந்தாது. அவர் தினமும் கேட்கும் கேள்வி 'எப்போது வெளியே விடுவார்கள்' என்பதுதான். அந்தக் காத்திருப்பை இந்தக் கருவியில் எப்படி நுழைப்பது என்று கற்க வருகிறேன் என்றார். தையல் பயிற்சி, கைத்தொழில் கூடம் என்று நம் சீர்திருத்தப் பேச்சு தண்டனைக் கைதியையே சுற்றிவருவதையும் இந்த இடத்தில் ஒரு வாக்கியத்தில் சுட்டினார்.

செய்ய முடிவதும் முடியாததும்

ஆய்வுத் திட்டம் ஓராண்டுப் படிப்புக்குள் அடங்க வேண்டும். முதல் வரைவில் தமிழகத்தின் எல்லா மத்தியச் சிறைகளிலும் நேர்காணல் என்று இருந்தது. சிறைத் துறையின் அனுமதி கிடைக்கும் முன்பே படிப்பு முடிந்துவிடும் என்று நான் குறித்தேன். கைதியின் சம்மதம் உண்மையான சம்மதமா என்ற கேள்வியும் உண்டு. வார்டர் பக்கத்தில் நிற்கும்போது 'விருப்பமில்லை' என்று சொல்வது லேசானதல்ல.

அதனால் திட்டம் சுருங்கியது. ஒரு மாவட்டம், திருட்டு வழக்குகள் மட்டும், ஓராண்டு ஜாமீன் உத்தரவுகள். உத்தரவின் தேதியும் நிபந்தனையும் இ-கோர்ட்ஸ் தளத்தில் கிடைக்கும். விடுதலைத் தேதி சிறைப் பதிவேட்டில் இருக்கிறது, அதைப் பெயர் நீக்கிய பட்டியலாகக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டையும் பொருத்தினால் ஒவ்வொரு வழக்கிலும் எத்தனை நாள் என்று தெரியும். பிறகு வழக்கறிஞர்களையும், வெளியே வந்துவிட்டவர்களையும் சந்தித்து எந்தப் படியில் நாள் போனது என்று கேட்கலாம்.

இந்தக் கணக்கில் ஏமாறவும் வாய்ப்பு உண்டு. ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்களில் சிலருக்கு இன்னொரு வழக்கு நிலுவையில் இருக்கும். வேறு காவல் நிலையம் பி.டி. வாரண்ட் போட்டிருக்கும். ஒரு வழக்கில் ஜாமீன் எடுத்தாலும் இன்னொன்றுக்காக உள்ளேதான் இருப்பார் என்பதால் ஜாமீன் எடுக்காமலே விடுவதும் நடக்கும். அவர்களையும் சேர்த்து எண்ணினால் ஜாமீன்தாரர் இல்லாமல் அடைபட்டவர்களின் கணக்கு பெரிதாகத் தோன்றிவிடும்.

மாணவி கடைசிப் பத்தியை அதற்கே கொடுத்தார். பல வழக்குள்ளவர்களைத் தனியே பிரித்து எண்ணுவேன், அப்படிப் பிரித்த பிறகு மிச்சமிருப்பவர்கள் சொற்பம் என்று தெரிந்தால் ஜாமீன் நிபந்தனைதான் காரணம் என்ற என் எண்ணம் தவறு, அப்போது ஆராய வேண்டியது நிபந்தனையைத் தளர்த்துவதை அல்ல, வழக்குகளை ஒன்றாகக் கொண்டுவரும் முறையை என்று எழுதி முடித்தார். ஊருக்குத் திரும்பிச் சிறைகளை மாற்றுவேன் என்ற வாக்குறுதி எதுவும் அதில் இல்லை. பரிந்துரைக் கடிதத்தில் நான் எழுதியதும் அந்தப் பத்தியைப் பற்றித்தான்: தன் எண்ணம் எந்தக் கணக்கில் பொய்யாகும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவர் இவர்.