உல்லன் என்று விற்கிறோமே, அது கம்பளிதானா?

ஐப்பசி பிறந்தால் நம் ஊர்க் கடைகளிலும் உல்லன் நூல் கேட்டு வருவார்கள். கிருமாம்பாக்கத்தில் யாரும் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் ஊட்டியிலும் குன்னூரிலும் கொடைக்கானலிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பலருக்கு உண்டு. தாய்மார்கள் கையால் பின்னி அனுப்ப ஆசைப்படுகிறார்கள். மளிகையோடு மளிகையாக நானும் அலமாரியில் ஒரு தட்டு நூல் வைத்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர், ஊட்டியில் இரவுக் காவல் வேலை பார்க்கும் மகனுக்காக நூல் கேட்டார். மொத்த வியாபாரி "சுத்த உல்லன்" என்று சொல்லிக் கொடுத்த சரக்கை நானும் அதே வார்த்தையைச் சொல்லி எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து வந்தார். "தம்பி, பனியில நின்னா உள்ளே சில்லுன்னு ஈரமா ஒட்டுதாம். அக்குள்ல எல்லாம் உருண்டை உருண்டையா பிசிறு. இது கம்பளிதானா?" என்றார். மீதியிருந்த நூலில் ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்தேன். உருகிச் சொட்டியது. அக்ரிலிக்!

கடைத்தெருவில் "உல்லன்" என்றால் பின்னுகிற தடித்த நூல் என்றுதான் பொருளாகிவிட்டது. விலை குறைந்த உருண்டைகளில் பெரும்பாலானவை செயற்கை இழையாகிய அக்ரிலிக்தான். அதை விற்பது தவறில்லை. கம்பளி என்று சொல்லி விற்பதுதான் தவறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சரக்கின் தன்மையைப் பொய்யாகச் சொல்வது முறையற்ற வணிகம். "மொத்தக்காரர் அப்படித்தான் சொன்னார்" என்று நாம் சொல்வதை வாடிக்கையாளர் ஏன் கேட்க வேண்டும்?

கண்டுபிடிப்பது சுலபம். விரற்கடை நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலாகக் கொளுத்துங்கள். கம்பளி பொசுங்கும், தலைமுடி கருகும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்தால் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் தொடர்ந்து எரியும், உருகும், ஆறியதும் நசுக்க முடியாத கறுப்பு மணியாக நிற்கும். புகையை முகராமல் காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும்.

இரண்டும் கலந்த நூலில் இந்தச் சோதனை குழப்பும். அதற்கு வேறு வழி இருக்கிறது. நம் கடையிலேயே விற்கும் துணி வெளுக்கும் பிளீச் திரவத்தைக் கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, துண்டைப் போட்டு இரவு முழுதும் விட்டுவிடுங்கள். கம்பளி கரைந்து போகும், அக்ரிலிக் அப்படியே கிடக்கும். மிஞ்சியதைப் பார்த்தால் கலப்பு எவ்வளவு என்று ஒரு மதிப்புக் கிடைக்கும். கழிவறைக்கான அமிலத் திரவத்தை மட்டும் இதோடு கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். கம்பளி ஸ்வெட்டரை பிளீச்சில் நனைக்கவே கூடாது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

அந்த அம்மாவுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவரோ பணத்தைவிட பதிலைத்தான் கேட்டார்: மகனுக்கு எது, குன்னூரில் இருக்கும் ஆறு மாதப் பேத்திக்கு எது?

மகன் விஷயம் முதலில். காய்ந்திருக்கும்போது அக்ரிலிக்கும் நன்றாகவே குளிர் தாங்கும். இழைகளுக்கு நடுவில் அடைபட்ட காற்றுதான் சூட்டைக் காக்கிறது, அது இரண்டிலும் உண்டு. வித்தியாசம் ஈரத்தில் வருகிறது. கம்பளி இழை தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைத் தனக்குள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. 450 கிராம் ஸ்வெட்டர் 100 கிராமுக்கு மேல் வாங்கும், வாங்கும்போது சிறிது வெப்பமும் தரும். அக்ரிலிக் இழை உள்ளே வாங்குவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். வியர்வையும் மூடுபனியும் இழைகளுக்கு வெளியே தங்கி உடம்பில் ஒட்டும். ஏறி இறங்கி வியர்த்து, பிறகு பனியில் நிற்கும் காவலாளிக்குக் கம்பளிதான் சரி. ஆனால் எந்தப் பின்னலிலும் காற்று புகும். மேலே ஒரு கோட்டு வேண்டும்.

கம்பளி அரிக்குமே என்றார். எல்லாக் கம்பளியும் அரிக்காது. இழையின் தடிமன் 30 மைக்ரானைத் தாண்டினால் அதன் நுனி வளையாமல் தோலைக் குத்துகிறது. அதைத்தான் அரிப்பு என்கிறோம். பலருக்கு அது ஒவ்வாமை இல்லை. நூலில் அப்படிப்பட்ட முரட்டு இழைகள் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினாலே பலருக்குத் தெரிந்துவிடும். சந்தையில் விற்கும் கறுப்புக் கம்பளிப் போர்வை குத்துவதும், மெரினோ ஆட்டு ரோமம் குத்தாததும் இதனால்தான். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு ஆராய்ச்சி நிலையத்தின் கிளை பாரத் மெரினோ ஆடுகளை வளர்ப்பதே மெல்லிய ரோமத்துக்காக. கையால் தொட்டுப் பார்த்தால் போதாது, உள்ளங்கைத் தோல் தடித்தது. நூலைக் கழுத்தின் பக்கவாட்டில் ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மகன் உள்ளே பருத்திச் சட்டை போடுவதால் நடுத்தரமான கம்பளியே போதும் என்று முடிவாயிற்று. நடுத்தர அளவுக்கு நாலு இழை நூல் 450 கிராம் எடுத்தார். ஒரே சாய எண் பார்த்து மொத்தமாக வாங்கவைத்தேன். பாதியில் தீர்ந்தால் அதே நிறம் திரும்பக் கிடைக்காது.

பேத்திக்கு அக்ரிலிக். பால் கக்கும் குழந்தையின் துணியைத் தினமும் துவைக்க வேண்டும். கம்பளி இழையின் மேல் செதில்கள் இருக்கின்றன. வெந்நீர், சலவைச் சோடா, தேய்ப்பு மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று பின்னி, ஸ்வெட்டர் பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கிக் கெட்டியாகும். அதை மீட்கவே முடியாது. மழைக்காலத்தில் குன்னூரில் கம்பளி உலர நாட்கணக்காகும், அக்ரிலிக் சீக்கிரம் உலர்ந்துவிடும். இரண்டு நிபந்தனைகள் சொன்னேன். கணப்புச் சட்டி, அடுப்பு அருகில் அந்தச் சட்டையோடு குழந்தையை விடக் கூடாது, தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். சூடான இஸ்திரி போடவும் கூடாது, பின்னல் துவண்டு தொங்கிப்போகும்.

பிசிறு உருண்டை பற்றியும் கேட்டார். உரசும் இடத்தில் இரண்டு நூலிலும் அது கட்டும். கம்பளி இழை வலுக் குறைவானதால் உருண்டை நாளடைவில் அறுந்து விழுந்துவிடும். அக்ரிலிக் இழை வலுவானது, உருண்டையை விடாமல் பிடித்துக்கொள்ளும். முறுக்குக் குறைந்து பஞ்சுபோல் மெத்தென்று இருக்கும் நூல் அதிகம் கட்டும். வாங்கும்போது இழையை விரல்களுக்கிடையே ஐம்பது முறை உருட்டிப் பாருங்கள், பஞ்சு கிளம்பினால் ஸ்வெட்டரிலும் கிளம்பும்.

மகனின் ஸ்வெட்டரைத் துவைக்கப் பூந்திக்கொட்டை கால் கிலோ கட்டிக் கொடுத்தேன். ஊறவைத்துப் பிசைந்த நீரில் நுரை வரும். அந்தக் குளிர்ந்த நீரில் ஸ்வெட்டரை அமுக்கி எடுத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி நீரை ஒற்றி, கொடியில் தொங்கவிடாமல் நிழலில் தட்டையாகப் பரப்ப வேண்டும். கொட்டை கிடைக்காவிட்டால் தலைக்குப் போடும் ஷாம்பு பாக்கெட் ஒன்று போதும். கம்பளியும் ரோமம்தானே.

நம் கடலோர ஈரத்தில் கம்பளிச் சரக்கு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூச்சி கம்பளியைத்தான் தின்னும், அக்ரிலிக்கைத் தொடாது. ஆகவே நான் கம்பளியைக் கேட்டவர்களுக்கு மட்டும் வரவழைத்து, மூடிய டப்பாவில் அந்துருண்டை போட்டு வைக்கிறேன். அக்ரிலிக் தட்டில் "அக்ரிலிக்" என்றே அட்டை எழுதிச் செருகியிருக்கிறேன். பில்லிலும் அப்படியே எழுதுகிறேன். மொத்த வியாபாரியிடம் வாங்கும்போதும் பில்லில் இழையின் பெயரை எழுதிக் கேட்கிறேன். எழுதத் தயங்குபவரின் சரக்கை எடுப்பதில்லை.