நாலாயிரம் சேலைக்கு ஒரே வர்ணனை

இணையக் கடையில் ஒரு சேலைப் படத்தைத் தொட்டால் அதன் கீழே நாலைந்து வரியில் ஒரு வர்ணனை இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை அதைக் கடை ஊழியர் ஒருவர் உட்கார்ந்து எழுதினார். இப்போது பல கடைகளில் நிறம், துணி, விலை மூன்றையும் ஒரு மொழி மாதிரியிடம் கொடுத்துவிடுகிறார்கள். நாலாயிரம் சேலைக்கும் ஒரே இரவில் வர்ணனை தயாராகிவிடுகிறது. ஒவ்வொன்றையும் தனியாகப் படித்தால் குறை சொல்ல முடியாது. அடுத்தடுத்து ஐந்தாறு சேலைகளைப் பார்க்கும்போதுதான் எல்லாம் ஒரே வாயால் சொன்னதுபோல் இருப்பது தெரிகிறது. எங்கே, எவ்வளவு ஒன்றுபோல் இருக்கிறது என்பதைக் கணினியை வைத்தே கண்டுபிடிக்கலாம். அந்த வேலை எப்படி நடக்கிறது, எங்கே ஏமாற்றுகிறது என்று பார்ப்போம்.

இரண்டு வர்ணனைகளை எடுத்துக்கொள்வோம்.

"பாரம்பரியமும் நவீனமும் கைகோர்க்கும் இந்த மெரூன் நிறச் சேலை உங்கள் விசேஷ நாட்களுக்கு மெருகு சேர்க்கும்."

"பாரம்பரியமும் நவீனமும் கைகோர்க்கும் இந்தப் பச்சை நிறச் சேலை உங்கள் விசேஷ நாட்களுக்கு மெருகு சேர்க்கும்."

படிக்கிற நமக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு அதைச் சொல்லித்தர வேண்டும். அதற்கான பழைய வழி, வாக்கியத்தை மூன்று மூன்று சொல்லாக வெட்டுவது. 'பாரம்பரியமும் நவீனமும் கைகோர்க்கும்' முதல் துண்டு. 'நவீனமும் கைகோர்க்கும் இந்த' இரண்டாவது. கூரையில் ஓடு வேய்வதுபோல ஒவ்வொரு துண்டும் முந்தையதன்மேல் கொஞ்சம் ஏறி நிற்கும். பன்னிரண்டு சொல் உள்ள வாக்கியத்தில் இப்படிப் பத்துத் துண்டு கிடைக்கும். இரண்டு வாக்கியத்துக்கும் பொதுவான துண்டுகளை, இரண்டிலும் சேர்த்து உள்ள வெவ்வேறு துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒற்றுமை அளவு வந்துவிடும்.

மேலே உள்ள இரண்டுக்கும் இந்தக் கணக்கைப் போட்டால் பொதுத் துண்டு ஆறு, மொத்தம் பதினான்கு. அதாவது 43 சதவீதம். நிறத்தின் பெயர் ஒன்றுதானே மாறியிருக்கிறது, ஏன் இவ்வளவு குறைவு? மாறியது ஒரு சொல் இல்லை, இரண்டு. 'இந்த மெரூன்' என்பது பச்சை வந்ததும் 'இந்தப் பச்சை' ஆகிவிட்டது. ஒற்று மிகுந்ததால் கணினிக்கு அது வேறு சொல். ஒற்றை நீக்கிவிட்டு எண்ணினால் பொதுத் துண்டு ஏழு, மொத்தம் பதின்மூன்று, 54 சதவீதம். அடுத்து, நிறப் பெயர் வரும் இடத்தில் எல்லாம் 'நிறம்' என்று ஒரு பொதுக் குறியைப் போட்டுவிட்டு எண்ணுங்கள். 100 சதவீதம் வந்துவிடும். கண் உடனே கண்டதைக் கணக்கு இப்போதுதான் எட்டிப் பிடிக்கிறது.

இந்த ஒரு எடுத்துக்காட்டிலேயே வேலையின் பாதி அடங்கியிருக்கிறது. எண்ணுவது எளிது, எண்ணுவதற்கு முன் உரையைச் சீராக்குவதுதான் பாடு. ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலை அப்படியே தமிழுக்குப் போட்டால் பாதி திரும்பல்கள் தப்பிவிடும். ஒற்று ஒரு காரணம். 'திருமணத்திற்கு', 'திருமணத்துக்கு' என்று ஒரே சொல்லுக்கு இரண்டு உருபு வடிவம் இன்னொரு காரணம். மூன்றாவது, கண்ணுக்கே தெரியாதது. 'கொ' என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியைக் கணினி U+0BCA என்று ஒரே குறியீடாகவும் வைத்திருக்கலாம். U+0BC6, U+0BBE என்று ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீட்டிலும் வைத்திருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் நிரல் இரண்டையும் வெவ்வேறு சொல்லாக எண்ணும். எல்லா உரையையும் முதலில் NFC என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். உருபுச் சிக்கலுக்குச் சொல்லை விட்டுவிட்டு எழுத்துகளை எண்ணலாம். பன்னிரண்டு பன்னிரண்டு எழுத்தாக வெட்டினால், கடைசி ஓரிரு எழுத்து மாறினாலும் மற்றவை பிடிபட்டுவிடும்.

இரண்டு இரண்டாக ஒப்பிடுவது என்று இறங்கினால் நாலாயிரம் சேலைக்குக் கிட்டத்தட்ட 80 லட்சம் ஜோடி வரும். இன்றைய கணினிக்கு இது பெரிதில்லை. பக்கங்கள் கோடிக்கணக்கில் போகும்போதுதான் திணறும். 1997-இல் ஆல்டாவிஸ்டா தேடுபொறிக்காக ஆண்ட்ரே புரோடரும் உடன் பணியாற்றியவர்களும் சுமார் மூன்று கோடி இணையப் பக்கங்களில் நகல்களைத் தேடினார்கள். ஒவ்வொரு துண்டையும் ஓர் எண்ணாக மாற்றி, பக்கத்துக்குச் சில எண்களை மட்டும் ஒரே விதிப்படி தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு, அவற்றை மட்டும் ஒப்பிட்டார்கள். முழு உரையைத் தொடாமலே ஒற்றுமை அளவு ஏறக்குறையச் சரியாக வந்தது. அந்த வழி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் நம் சேலைக் கடைக்கு ஜோடி ஒப்பீடு போதாது என்பது என் முடிவு. 'விசேஷ நாட்களுக்கு மெருகு சேர்க்கும்' என்ற நான்கு சொல் ஆயிரம் பக்கத்தில் இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு வர்ணனையிலும் எண்பது சொல் உண்டு. மற்ற எழுபத்தாறும் வேறு வேறு. எந்த இரண்டு பக்கத்தை ஒப்பிட்டாலும் ஒற்றுமை மிகக் குறைவாகவே காட்டும். எதுவும் நகல் இல்லை என்று அறிக்கை வரும். வாடிக்கையாளருக்கோ அந்த நான்கு சொல்தான் சலிப்பைத் தருகிறது.

அதனால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். இந்தத் தொடர் எத்தனை பக்கத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டு முறை வந்தாலும் ஒன்று என்றே எண்ண வேண்டும். நான்கு சொல் தொடரில் தொடங்கி எட்டுச் சொல்வரை போகலாம். எட்டுச் சொல் தொடர் ஒன்று ஐந்நூறு பக்கத்தில் இருந்தால் அதற்குள் இருக்கும் சிறு தொடர்களும் பட்டியலில் வந்து இடத்தை அடைக்கும். எண்ணிக்கை சமமாக இருக்கும்போது நீளமானதை மட்டும் வைத்துக்கொள்வது வழக்கம். நாலாயிரம் வர்ணனை என்றால் மொத்தம் மூன்று லட்சத்து இருபதாயிரம் சொல்தான். சாதாரண மடிக்கணினி சில நொடிகளில் எண்ணி முடித்துவிடும். முதல் ஐந்து சொல்லுக்குத் தனிப் பட்டியல் எடுப்பது நல்லது. தேடல் முடிவிலும் பொருள் வரிசையிலும் பெரும்பாலும் கண்ணில் படுவது தொடக்கம்தான்.

இப்போது பட்டியலின் உச்சியில் என்ன நிற்கும்? 'முதல் முறை உலர் சலவை செய்யவும்', 'ரவிக்கைத் துணி சேலையோடு இணைந்து வரும்'. இவை திரும்ப வருவது குற்றமில்லை, வரத்தான் வேண்டும். இவற்றை வர்ணனையிலிருந்து எடுத்துக் கீழே ஓர் அட்டவணையில் போடலாம், இல்லை கணக்கிலிருந்து விலக்கலாம். அடுத்து 'கோர்வை முறையில் நெய்த கரை' என்று ஒன்று இருநூறு பக்கத்தில் இருக்கலாம். சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து இணைக்கிற முறை அது. திரும்ப வந்தாலும் அது உண்மைத் தகவல்.

எது தகவல், எது வெறும் அலங்காரம் என்று பிரிக்க ஒரு சோதனை உண்டு. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒவ்வொரு தொடரும் எந்த வகைச் சேலைகளில் பரவியிருக்கிறது என்று பாருங்கள். 'கோர்வை' பட்டில் குவிந்திருக்கும். சிந்தெடிக் சேலையில் இருக்காது. 'மெருகு சேர்க்கும்' என்பது பட்டு, பருத்தி, சிந்தெடிக் மூன்றிலும் ஒரே விகிதத்தில் இருக்கும். எல்லாச் சேலைக்கும் பொருந்துகிற தொடர் எந்தச் சேலையைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. நீக்க வேண்டியது அதைத்தான்.

நீக்குவது என்றதும் பலரும் செய்வது, அந்தத் தொடர்களைப் பயன்படுத்தாதே என்று மாதிரிக்குத் தடைப் பட்டியல் கொடுப்பது. அடுத்த சுற்றில் 'மெருகு சேர்க்கும்' காணாமல் போகும். 'தனி அழகைத் தரும்' ஆயிரம் பக்கத்தில் வந்து உட்காரும். அதையும் தடுத்தால் மூன்றாவது ஒன்று. மொழி மாதிரி, வாய்ப்பு அதிகமுள்ள சொற்களையே பெரும்பாலும் அடுத்தடுத்துப் போடும். கையில் நிறம், துணி, விலை தவிர எதுவும் இல்லாதபோது அது போகக்கூடிய வழிகளும் சிலவே. அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எண்ணிக்கையைப் புதிதாக எடுத்து, பட்டியலில் புதிதாக ஏறியது எது என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு கோளாறு, எண்ணிக்கை குறைந்தும் நிலைமை மாறாதது. 'பாரம்பரியமும் நவீனமும் கைகோர்க்கும்' என்பதை ஒரு பக்கத்தில் 'மரபும் புதுமையும் சங்கமிக்கும்' என்றும், மறு பக்கத்தில் 'பழைமையும் புதுமையும் இணையும்' என்றும் மாற்றினால், தொடர் எண்ணும் நிரல் எல்லாம் சரி என்று சொல்லிவிடும். பொருளை எண் வரிசையாக மாற்றி ஒப்பிடும் முறைகள் இதைப் பிடிக்கும். ஆனால் அவை இரண்டு பட்டுச் சேலைகள் பட்டாக இருப்பதையே ஒற்றுமை என்று சொல்லும் அபாயமும் உண்டு. இதற்கு மனிதச் சோதனை ஒன்றை நான் நம்புகிறேன். ஒரே வகையில் இருபது சேலையின் வர்ணனையைப் பெயரும் நிறமும் மறைத்து அச்சிட்டு, இருபது படத்தோடு கடை ஊழியர் ஒருவரிடம் கொடுங்கள். எந்த வர்ணனை எந்தச் சேலைக்கு என்று அவரால் பொருத்த முடியவில்லை என்றால், எண்ணிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேலை முடியவில்லை.

எல்லாவற்றிலும் கவலை தருவது வேறொன்று. புதிய தகவல் எதுவும் கொடுக்காமல் 'வித்தியாசமாக எழுது' என்று மட்டும் நெருக்கினால் மாதிரி கற்பனையில் இறங்கிவிடும். விசைத்தறிச் சேலை 'கைத்தறி' ஆகும். சாதாரண ஜரிகை 'தூய வெள்ளி ஜரிகை' ஆகும். திரும்பல் எண்ணிக்கை அழகாகக் குறைந்திருக்கும், பக்கத்தில் பொய் ஏறியிருக்கும். இது நெசவாளருக்கும் வாங்குபவருக்கும் செய்கிற அநியாயம். சட்டத்துக்கும் ஆகாது: தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குற்றமாகப் பார்க்கிறது. 2020-இல் வந்த மின் வணிக விதிகளும் விளம்பரம் பொருளின் உண்மைத் தன்மையோடு ஒத்திருக்க வேண்டும் என்கின்றன. அதனால் வர்ணனையில் உள்ள ஒவ்வொரு உண்மைக் கூற்றும் கடையின் சரக்குப் பதிவில் இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே சோதனையின் பகுதியாக இருக்க வேண்டும்.

அந்தச் சரக்குப் பதிவில்தான் மருந்தும் இருக்கிறது. அதிகம் திரும்பும் தொடர்கள் உள்ள பக்கங்களைத் தனியே எடுத்து, அவற்றின் பதிவில் எத்தனை கட்டம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். கரையின் அகலம், முந்தானையில் உள்ள உருவம், நெய்த ஊர், தறி வகை, துணியின் எடை ஆகியவை நிரம்பிய சேலைக்கு மாதிரிக்குச் சொல்ல விஷயம் இருக்கும். காலியான சேலைக்குத்தான் 'மெருகு' தேவைப்படும்.

கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வர்ணனைகள் ஒன்றுபோல் இருக்கின்றன என்று தெரிந்தால் கட்டளையைத் திருத்துவதற்கு முன், அதிகம் திரும்பிய இருபது தொடர்களையும் அவை உள்ள சேலைகளையும் எடுத்துக்கொண்டு கொள்முதல் செய்தவரிடம் போங்கள். சேலையை விரித்து, கரையை அளந்து, முந்தானையில் இருப்பது மயிலா மாங்காயா என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். தெரியாததைக் காலியாகவே விடுங்கள். அந்தச் சேலைக்கு இரண்டு வரி போதும்.