காலி மேஜையும் ஒரு கேள்விக்குறியும்

1990களில் சிகாகோ நகரில் கோர்டன் சின்க்ளேர் என்பவர் நடத்திய உணவகத்தில், முன்பதிவு செய்தவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் சொல்லாமலே வராமல் இருந்தார்கள். போனில் மேஜை பதிவு செய்யும் ஊழியர் வழக்கமாக, "திட்டம் மாறினால் தயவுசெய்து கூப்பிட்டுச் சொல்லுங்கள்" என்று முடிப்பார். சின்க்ளேர் அதைக் கேள்வியாக மாற்றச் சொன்னார்: "திட்டம் மாறினால் தயவுசெய்து கூப்பிட்டுச் சொல்கிறீர்களா?" கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருக்க வேண்டும். வராதவர்கள் நூற்றுக்குப் பத்தாகக் குறைந்தார்கள். அபராதம் ஒரு பைசா கிடையாது.

உளவியல் அறிஞர் ராபர்ட் சால்டீனி இதற்குத் தரும் விளக்கம் எளிமையானது. வேண்டுகோளைக் கேட்டுக்கொண்டு போனை வைத்துவிடலாம். கேள்விக்கு "சொல்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொன்ன பிறகு அதற்கு மாறாக நடக்க நமக்கே கூச்சமாக இருக்கும்.

இந்தக் கூச்சம் உணவகத்துக்குப் பெரிய சொத்து. அதைப் பணத்தால் கரைத்துவிடவும் முடியும். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பிள்ளைகளை அழைத்துச் செல்லப் பெற்றோர் தாமதமாக வந்ததால், சில குழந்தைகள் காப்பகங்களில் ஒரு பரிசோதனையாக 10 ஷெக்கல் அபராதம் போட்டார்கள். பொருளியல் அறிஞர்கள் யூரி நீஸியும் ஆல்டோ ருஸ்டிகினியும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட அந்த ஆய்வில், தாமதமாக வருவோர் எண்ணிக்கை குறைவதற்குப் பதிலாக ஏறக்குறைய இருமடங்கானது. அதுவரை ஆசிரியரைக் காக்க வைத்துவிட்டோமே என்று பதறியவர்கள், காசு கொடுத்துவிட்டோமே என்று நிம்மதியாக வந்தார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய பதற்றம் திரும்பவில்லை.

ஆக, "வராதவர்களுக்குத் தலைக்கு ₹200 அபராதம்" என்று எழுதும் உணவகம் வராமல் இருப்பதற்கு ஒரு விலைப்பட்டியல் போடுகிறது. வரப்போகும் நல்ல வாடிக்கையாளரோ, தன்னைத் திருடனாகப் பார்க்கிறார்கள் என்று முகம் சுளிக்கிறார். கட்டணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேரத்தோடு கூப்பிட்டுச் சொல்பவருக்குச் செலவே இல்லாமலும், மௌனத்துக்கு விலை இருக்கும்படியும் வாசகம் அமைய வேண்டும்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. 2022 அக்டோபர் முதல் வணிகர்கள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. வாடிக்கையாளர் மறுபடி ஒப்புதல் தராமல் பிறகு பணம் எடுப்பதும் எளிதல்ல. அதனால் இங்கே முன்பணம்தான் எளிய வழி. இது ஒருவகையில் நல்லதுதான். "பில்லில் கழியும்" என்ற இனிய சொல்லை எழுத இடம் கிடைக்கிறது. சனிக்கிழமை இரவு நால்வருக்கு மேஜை கேட்டவருக்குப் போகும் செய்தி இப்படி இருக்கலாம்:

"சனி இரவு 8 மணிக்கு நால்வருக்கான மேஜை உங்கள் பெயரில். 8.20 வரை யாருக்கும் தர மாட்டோம். தாமதமானால் ஒரு போன் செய்யுங்கள், 8.40 வரை வைத்திருப்போம். முன்பணம் ₹800, உங்கள் பில்லில் கழியும். சனி மதியம் 2 மணிக்குள் ரத்து செய்தால் முழுவதும் திரும்ப வரும். 2 மணிக்குப் பிறகு என்றாலும் சொல்லுங்கள், மேஜைக்கு வேறு ஆள் கிடைத்தால் அப்போதும் திருப்பித் தருவோம். சொல்லாமல் வராவிட்டால், உங்களுக்காக வாங்கிய மீன், இறால் செலவுக்கு முன்பணத்தை எடுத்துக்கொள்வோம். வர முடியாவிட்டால் சொல்கிறீர்களா? 'சரி' என்று பதில் அனுப்புங்கள்."

வரிசையைக் கவனியுங்கள். உணவகம் முதலில் தன் வாக்கைத் தருகிறது, பிறகுதான் வாடிக்கையாளரிடம் கேட்கிறது. அபராதம் என்ற சொல்லே இல்லை. பணம் எதற்குப் போகிறது என்ற காரணம் மட்டும் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குக் காய்ச்சல் வந்தவருக்கும் போனை எடுக்க ஒரு காரணம் மிச்சம் இருக்கிறது. அந்தப் போன் வந்தால் வாசலில் காத்திருப்பவரை உட்கார வைக்கலாம். கடைசியில் சின்க்ளேரின் கேள்வி. ஆனால் 'சரி' என்பதை வாடிக்கையாளரே தட்டச்சு செய்ய வேண்டும். முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டத்தில் யாரும் எந்த வாக்கும் கொடுப்பதில்லை.

செய்தி நீளம்தான். பரபரப்பில் இருப்பவர் முதல் வரியையும் கடைசி வரியையும்தான் படிப்பார் என்றாலும், அந்த இரண்டிலும் மிரட்டல் இல்லை. இந்த முன்பணம் கூட்டம் நிறைந்த இரவுகளுக்கு மட்டும் போதும். செவ்வாய்க்கிழமை பாதி காலியாகக் கிடக்கும் கூடத்துக்கு முன்பணம் கேட்டால் வருகிறவரும் வேறு கடைக்குப் போவார்.

வாசகம் வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டு எண்களைத் தனித்தனியே எழுதி வையுங்கள்: சொல்லிவிட்டு வராதவர்கள், சொல்லாமல் வராதவர்கள். முதலாவது ஏறி இரண்டாவது இறங்கினால் சரி. திருப்பித் தராத முன்பணம் மாதாமாதம் பெருகினால், அதை லாபமாக எண்ண வேண்டாம்; வாசகத்தை மாற்றுங்கள்.